ஏழாம் அத்தியாயம்: அம்மாவின் போனில் தமிழ்

செபராங் ஜெயாவில் இருக்கும் என் அம்மா தமிழ் நாளிதழைத் தலைப்பிலிருந்து இரங்கல் அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்பார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பசாரில் விலை பேசவும், மருத்துவமனை முகப்பில் எண் வாங்கி உட்காரவும் அவருடைய மலாய் தாராளமாகப் போதும். ஆங்கிலத்தை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், பொருள் பிடிபடாது. கையில் இருப்பதோ ஆங்கிலம் பேசும் சாம்சங் போன். வாங்கிய அன்று கடைப்பையன் எந்த மொழியில் தொடங்கிவைத்தானோ, மூன்று வருடமாக அதே மொழி. புதிதாக ஒரு கட்டம் திரையில் குதித்தால் அம்மா செய்வது ஒன்றுதான்: இடது பக்கப் பட்டனை அழுத்துவார். ‘வேண்டாம்’ என்பது எப்போதும் இடது பக்கம் இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்து உட்காரும் நேரத்தில் எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். அதனால் தமிழுக்கு மாற்றும் வேலையை ஒரே அழைப்பில் முடிக்காமல், செய்திகளாக எழுதி அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் 2023 முதல் திரையைப் பகிரும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பட்டனை அம்மா கண்டுபிடிப்பதே ஒரு தனி அத்தியாயம். அதைவிட, ‘திரையைக் காட்டுங்கள்’ என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால் காட்டிவிடும் பழக்கத்தை அம்மாவுக்கு நானே கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. பணம் பறிக்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

செய்தியில் இரண்டு நன்மை. அம்மா தன் வேகத்தில் போகலாம், மறந்தால் திரும்பப் படிக்கலாம். ஒரு தொல்லையும் உண்டு. வழி சொல்லும் செய்தியும், மாற்ற வேண்டிய போனும் ஒன்றே. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்ததும் என் செய்தி மறைந்துவிடும். திரும்பி வந்து படித்தால் பாதியில் விட்ட பக்கம் எங்கே போனதென்று தெரியாது. அதனால் முதல் செய்தி போனைப் பற்றியதே அல்ல.

முதல் செய்தி:

“அம்மா, சாப்பிட்டீங்களா? இன்னைக்குப் போனைத் தொட வேணாம். நாள்காட்டியில கிழிச்ச தாள் ஒன்னு எடுத்து, பின்பக்கம் நான் சொல்றதைப் பெரிய எழுத்துல எழுதிக்குங்க. நாளைக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் செய்யப் போறீங்க, என் மெசேஜைப் பார்த்து இல்ல. போனுக்குச் சார்ஜ் போட்டு வச்சிருங்க. இடையில பொன்னி அக்கா போன் பண்ணினா எடுத்துப் பேசுங்க, ஒன்னும் கெட்டுப்போகாது.”

கடைசி வரியைச் சும்மா எழுதவில்லை. பாதியில் அழைப்பு வந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அம்மா நம்புகிறார். மொழி மாற்றும்போது அப்படி எதுவும் ஆகாது. படங்கள், தொடர்பு எண்கள், பழைய செய்திகள் எதையும் அது தொடுவதில்லை. மெனுக்களில் உள்ள சொற்களும், எண்ணையும் நாளையும் காட்டும் முறையும் மட்டுமே மாறும்.

இரண்டாம் செய்தி, மறுநாள்:

“பற்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அடியில `Settings`னு எழுதியிருக்கும். அதைத் தொடுங்க. நீளமா ஒரு பட்டியல் வரும். விரலை மேல் பக்கமாத் தள்ளித் தள்ளிக் கீழ வரைக்கும் போங்க. `General management`னு ஒரு வரி. அதுக்குப் பக்கத்துல சின்னப் படம் ஒன்னு இருக்கும். அது என்ன நிறம், எப்படி இருக்குன்னு தாள்ல வரைஞ்சுக்குங்க. அவசரமில்ல. வரைஞ்ச பிறகு அந்த வரியைத் தொடுங்க. மேல முதல் வரியா `Language`னு வந்தா நீங்க சரியான இடத்துல இருக்கீங்க. அதோட இன்னைக்கு நிறுத்திட்டு, கட்டைவிரல் படம் அனுப்புங்க.”

படத்தை வரையச் சொன்னது ஏன்? மொழி மாறினால் சொற்கள் எல்லாம் மாறிவிடும். படம் மட்டும் மாறாது. கை தவறித் தெலுங்கைத் தொட்டுவிட்டால், திரும்பி வர அம்மாவிடம் இருக்கும் ஒரே வரைபடம் அந்தத் தாள்தான். பற்சக்கரம், வரைந்து வைத்த படம், அதற்குள் முதல் வரி. எந்த மொழியில் இருந்தாலும் இந்த மூன்றும் அதே வரிசையில் இருக்கும். இன்னொரு பிடிமானமும் உண்டு. மொழிகளின் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்திலேயே இருக்கும். போன் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் தமிழ் என்பது ‘தமிழ்’ என்றேதான் எழுதப்பட்டிருக்கும்.

அம்மா முதல் தடவை தவறிய இடம் இங்கேதான். கட்டைவிரல் வந்தது, அதோடு ஒரு குரல் பதிவும் வந்தது: “தமிழே இல்லையே, வெறும் இங்கிலீஸ்தான் இருக்கு, கீழ்நோக்கி அம்பு போட்டிருக்கு.” நிறுத்தச் சொன்னது மறந்து, ஆர்வத்தில் அடுத்த பக்கமும் போயிருக்கிறார். அந்த அம்பைக் கேட்டதும் புரிந்தது. `General management` பக்கத்திலேயே இன்னும் கீழே விசைப்பலகைக்கான வரி, `Samsung Keyboard settings`, இருக்கிறது. அதற்குள்ளும் மொழிகள் என்று ஒரு பிரிவு உண்டு. அது தட்டச்சு செய்யும் எழுத்துக்கானது, போன் பேசும் மொழிக்கானதல்ல. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி: பக்கத்தில் `Manage input languages` என்று இருந்தாலோ, மொழிப் பெயர்களின் அருகே பதிவிறக்க அம்பு தெரிந்தாலோ அது விசைப்பலகை. நமக்கு வேண்டிய பக்கத்தில் `Add language` என்ற வரி இருக்கும். ‘மொழி’ என்ற சொல் இரண்டு இடத்திலும் இருப்பதால் இந்தத் தவறு அம்மாக்களுக்கு மட்டும் வருவதில்லை. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, போன் ஏன் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்ட பொறியாளர்களும் உண்டு.

மூன்றாம் செய்திக்குப் போகும் முன், இந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 7 வந்த 2016 முதல், போன் ஒரே மொழியை வைத்துக்கொள்வதில்லை. மொழிகளின் வரிசை ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு செயலியிடம் முதல் மொழி இல்லாவிட்டால், அது இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவதை. வாட்ஸ்அப்புக்குத் தமிழ் உண்டு. யூடியூபுக்கும் உண்டு. ஆனால் மலேசியாவில் அன்றாடம் பயன்படும் வங்கி, பணப்பை, கட்டணச் செயலிகள் பலவற்றில் தமிழ் கிடையாது. அவை எந்த மொழியில் திறக்கும் என்பதை அந்த இரண்டாம் இடம்தான் முடிவு செய்யும். பிள்ளைகள் தங்கள் போனை நினைத்துக்கொண்டு, தமிழுக்கு அடுத்து ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் அம்மாவுக்கு இரண்டாவது மொழி ஆங்கிலம் அல்ல, மலாய். செபராங் பிறை முழுக்க அவர் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். ஆக, வரிசை இப்படி அமைய வேண்டும்: மேலே தமிழ், அடுத்து மலாய், கடைசியில் ஆங்கிலம். ஆங்கிலத்தை நீக்கவும் வேண்டாம். போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரருக்கு உதவும்.

வரிசையை மாற்ற, மொழிப் பெயரை விரலால் பிடித்து இழுக்கும் வழி ஒன்று இருக்கிறது. விரல் நடுங்குகிறவர்களுக்கு அது சரிப்படாது. சேர்க்கும் முறையிலேயே வரிசையை அமைத்துவிடலாம். முதலில் மலாயைச் சேர்த்து அதையே முதன்மை மொழியாக்க வேண்டும். பிறகு தமிழைச் சேர்த்து அதை முதன்மையாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது மேலே ஏறி, பழையது ஒரு படி கீழே இறங்கும். இழுக்காமலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று நின்றுவிடும்.

மூன்றாம் செய்தி:

“பற்சக்கரம், நீங்க வரைஞ்ச படம், அப்புறம் முதல் வரி `Language`. உள்ள போனா `Add language`னு இருக்கும், கூட்டல் குறியோட. தொடுங்க. உலகத்து மொழியெல்லாம் வரிசையா வரும். அதுல `Melayu`ங்கிற சொல்லைத் தேடுங்க, ஏ பி சி வரிசையிலதான் இருக்கும். தொட்டதும் எந்த நாடுன்னு கேட்டா `Malaysia`. பிறகு சின்னக் கட்டம் ஒன்னு வந்து ரெண்டு பட்டன் காட்டும். இந்தத் தடவை மட்டும் வலது பக்கப் பட்டன், அம்மா. வலது பக்கம். இடது இல்ல. சோறு சாப்பிடுற கை.”

அந்தக் கட்டத்தில் இடது பக்கம் `Keep current`, வலது பக்கம் `Set as default` என்று இருக்கும். முதலாவது, மொழியைச் சேர்த்துக்கொள், ஆனால் மாற்றாதே என்கிறது. இரண்டாவது, மாற்று என்கிறது. நான் எத்தனை தடவை எழுதியும் அம்மாவின் விரல் பழக்கப்படி இடது பக்கம் போயிற்று. விளைவு: போன் ஆங்கிலத்திலேயே இருந்தது, பட்டியலில் மட்டும் மலாய் வந்து உட்கார்ந்தது. ‘செஞ்சேன், ஒன்னுமே ஆகல’ என்று ஒருவர் சொன்னால் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணமாக இருக்கும். திரும்பச் சேர்க்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் ஏற்கெனவே சேர்த்த மொழியைப் பட்டியல் புதிதாகக் காட்டாது. சரிசெய்வது சுலபம். `Language` பக்கத்தில் அந்த மொழியின் பெயரைத் தொட்டு, கீழே `Apply` வந்தால் அதை அழுத்த வேண்டும். அவ்வளவே. அம்மா அப்படிச் செய்ததும் திரை முழுக்க மலாய்க்கு மாறியது. “வந்துருச்சு லா” என்றார் குரல் பதிவில். அன்று அதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு நாள் முழுக்க மலாயில் போனைப் பயன்படுத்தட்டும் என்று விட்டேன். தெரிந்த மொழியில் மெனு எப்படி இருக்கும் என்று பழகிக்கொண்டால், அடுத்த மாற்றம் அவரை மிரட்டாது.

நான்காம் செய்தி:

“இப்ப அதே வழி. முதல்ல `Add language`னு இருந்தது இப்ப `Tambah bahasa`. தொடுங்க. இந்தத் தடவை நம்ம எழுத்தைத் தேடணும். பட்டியலை வேகமாத் தள்ளுங்க. ஏ பி சி எழுத்து முடியும், வலமிருந்து இடமா எழுதுற அரபு எழுத்து வரும், தலைக்கோடு போட்ட இந்தி எழுத்து வரும். அப்புறம் மெதுவா. ‘தமிழ்’னு கண்ணுல படும். அதுக்கு அடுத்து உருண்டை உருண்டையா தெலுங்கு எழுத்து வந்துட்டா தாண்டிப் போயிட்டீங்க, ரெண்டு விரல்கடை திரும்புங்க. தமிழைத் தொட்டதும் நாலு நாட்டுப் பெயர் வரலாம். நீங்க மலேசியாவைத் தொடுங்க, இந்தியாவை இல்ல. பிறகு அதே வலது பக்கப் பட்டன்.”

மலேசியாவா இந்தியாவா என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. இரண்டிலும் மெனுச் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது எண்ணும் பணமும். உலகத்துப் போன்கள் எண்ணையும் நாளையும் எப்படிக் காட்ட வேண்டும் என்ற விவரத்தை யூனிகோடு அமைப்பின் சி.எல்.டி.ஆர். என்ற தரவுத் தொகுப்பிலிருந்து எடுக்கின்றன. அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு பதிவுகள் உண்டு. இந்தியாவுக்கான பதிவு லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கும், 1,00,000 என்று. மலேசியாவுக்கான பதிவு, `ta-MY`, 100,000 என்று வைக்கும், வெள்ளியை RM என்று காட்டும். அம்மா வங்கிக் கணக்கையும் மின்சாரக் கட்டணத்தையும் மலேசிய முறையில் படித்துப் பழகியவர். காற்புள்ளி இடம் மாறினால், ஒரு கணம் தொகையே மாறிவிட்டதாகத் தோன்றும். மலேசியப் பதிவு இந்தப் பட்டியலில் இருப்பதை நான் சிறிய விஷயமாக நினைப்பதில்லை. கணினித் தமிழுக்கு மலேசியத் தமிழர்கள் தொடக்கத்திலிருந்தே உழைத்திருக்கிறார்கள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-லேயே பிறந்தது, 2005-ல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது.

பட்டியலில் தமிழே இல்லாத போனும் உண்டு. சீனாவுக்குள் விற்பதற்கென்று செய்த போனை யாராவது மலிவாக வாங்கிக்கொண்டு வந்திருந்தால், அதில் சீனமும் ஆங்கிலமும் இன்னும் ஒன்றிரண்டும் மட்டுமே இருக்கும். பட்டியல் ஒரு திரைக்குள் முடிந்துவிட்டால் அதுவே அடையாளம். மேற்கொண்டு போகாதீர்கள். அம்மா நூறு முறை தேடினாலும் கிடைக்காது, தன்னால்தான் முடியவில்லை என்று நினைப்பார். வேறு நிறுவனப் போனாக இருந்தால் பாதையின் பெயர்கள் மாறும். கூகுள் பிக்சலில் `System`, அதற்குள் `Languages`. மற்றவற்றில், அமைப்புப் பக்கத்தின் மேலே உள்ள பூதக்கண்ணாடியைத் தொட்டு `language` என்று தட்டச்சு செய்தால் போன் தானே இடத்தைக் காட்டும். அம்மாவுக்கு எழுதும் முன் அதே நிறுவனத்தின் போனை யாரிடமாவது வாங்கி, ஒரு முறை நீங்களே நடந்து பாருங்கள். உங்கள் ஐபோனை வைத்துக்கொண்டு அம்மாவின் ஆண்ட்ராய்டுக்கு வழி சொல்லாதீர்கள்.

நான்காம் செய்திக்கு அம்மாவின் பதில் மறுநாள் காலைதான் வந்தது. எழுத்தில் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்த படமாக. பற்சக்கரத்தின் கீழே ‘அமைப்புகள்’ என்று இருந்தது. அந்தப் படத்தில் இன்னொன்றையும் பார்த்தேன்: பல வரிகள் பாதியில் அறுந்து மூன்று புள்ளியோடு நின்றன. அம்மா எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு வரிக்குள் அடங்கியது தமிழில் அடங்கவில்லை, தமிழ்ச் சொல் நீளம். எழுத்தளவை ஒரே ஒரு படி குறைக்கச் சொன்னேன். இரண்டு படி குறைத்தால் கண்ணாடி போட்டும் தெரியாது என்றார், அதனால் சில வரிகள் அறுந்தபடியே இருக்கின்றன. பரவாயில்லை.

ஐந்தாம் செய்தி கொஞ்சம் நீளமானது. மாறாதவை எவை என்று சொல்வது அதன் வேலை:

“அம்மா, இனிமே போன் தமிழ்ல பேசும். ஆனா மத்தவங்க அனுப்புற மெசேஜ் அவங்க எழுதின மொழியிலயேதான் வரும். பேங்க் அனுப்புறது மலாய்லயோ இங்கிலீஸ்லயோதான் வரும், அது கோளாறு இல்ல. பேங்க் செயலியும் தமிழ்ல வராது, மலாய்ல வரும், உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுதான். ஒரு கட்டம் தமிழ்ல வந்து ‘அனுமதி’ன்னு கேட்டா, தமிழ்ல இருக்குங்கிறதுக்காக உடனே அழுத்தாதீங்க. என்ன கேக்குதுன்னு முழுசாப் படிங்க. இப்பத்தான் படிக்க முடியுதே. விளங்கலன்னா ‘ரத்துசெய்’. அது எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.”

வங்கிச் செயலி மலாயில் வருவதற்குப் பதில் இன்னும் ஆங்கிலத்திலேயே திறந்தால், காரணம் இரண்டில் ஒன்று. அந்தச் செயலி தனக்குள் தனியாக ஒரு மொழி அமைப்பை வைத்திருக்கலாம். அப்படியானால் போனில் என்ன மாற்றினாலும் அது கேட்காது, செயலிக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அல்லது வரிசையில் மலாய் இரண்டாவதாக இல்லை. ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய போனில் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கும் இடமும் இருக்கிறது. சாம்சங்கில் அது மொழி வரிக்கு அடுத்தே இருக்கும், ஆங்கிலத்தில் `App languages`. எல்லாச் செயலிகளும் அந்தப் பட்டியலில் இருக்காது. என் அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

தட்டச்சைப் பற்றி ஒரு சொல். மெனு தமிழானதும் விசைப்பலகையும் தானாகத் தமிழாகும் என்று நினைக்க வேண்டாம். அம்மா முன்னால் தவறிப் போய்ப் பார்த்த அந்தப் பக்கத்தில்தான் தமிழைச் சேர்க்க வேண்டும். நான் இப்போதைக்கு அதைத் தொடவில்லை. அவர் குரலிலேயே எல்லாவற்றையும் அனுப்புகிறார், அதுவே அவருக்கு வசதி.

மொழி மாறிய முதல் இரண்டு வாரம் உங்கள் பெட்டி கேள்வியால் நிரம்பும், அதற்குத் தயாராக இருங்கள். வரும் கேள்விகள் போனைப் பற்றி இருக்காது, தமிழைப் பற்றி இருக்கும். மெனுவில் உள்ள தமிழ் நாளிதழ்த் தமிழ் அல்ல. ‘பதிவிறக்கு’ அம்மாவுக்குத் தெரியும், வானொலியில் கேட்டிருக்கிறார். ‘ஒத்திசைவு’ தெரியவில்லை. “பாட்டு சம்பந்தமா ஏதோ கேக்குது, அனுமதி கொடுக்கவா?” என்று கேட்டார். இங்கே இருக்கும் படத்தையும் எண்ணையும் இன்னொரு இடத்திலும் அதே மாதிரி வைத்துக்கொள்வது என்று பதில் எழுதினேன். அந்த மாதிரிச் சொற்களை அம்மாவின் தாளிலேயே கீழே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என் அம்மாவின் தாளில் இப்போது பதினொன்று இருக்கிறது.